விலை மாறிய வருஷம்

1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று, ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த கணக்கு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியபோது, கடைக்காரர்களும் பஸ் கண்டக்டர்களும் தபாலாபீஸ் குமாஸ்தாக்களும் அடைந்த சங்கடங்களைப் பற்றிப் பத்திரிகைகள் வேண்டிய மட்டும் எழுதின. ஆனால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமாகச் சில மாத காலம் அச்சுக்கூடங்களில் எண்களைப் பிடுங்குவதும் எண்களைச் செருகுவதுமே பிழைப்பாகக் கிடந்த எங்களைப் பற்றி யாரும் எழுதிய ஞாபகம் எனக்கில்லை. நான் அப்போது சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு ட்ரெடில் இயந்திரங்களும், சுவரோரம் சாய்வாக நிறுத்திய அச்சுக் கேஸ்களும், எப்போதும் மண்ணெண்ணெயும் மையும் கலந்த ஒரு வாசனையும் உள்ள இடம். அங்கே எனக்கு முதன்முதலாக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பான காரியம் என்று சொல்லத்தக்கது, ஒரு நாட்டு மருந்துச் சாலையின் விலைப் பட்டியலில் விலைகளை மாற்றியதுதான்.

அந்த மருந்துச் சாலைக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை பட்டியல் போடுவார். மருந்துகளின் பெயர்களும் அவை எந்தெந்த வியாதிக்கு உகந்தவை என்ற விவரமும் வருஷா வருஷம் மாறுவதில்லையாதலால், கோத்த அச்சைப் பிரித்துக் கேஸில் போட்டுவிடாமல், பக்கம் பக்கமாக நூல் சுற்றி, காகிதத்தில் பொதிந்து, பலகையின்மேல் அடுக்கி வைத்திருந்தோம். இதை ஸ்டாண்டிங் மாட்டர் என்பார்கள். சியவனப்பிராச லேகியம், தசமூலாரிஷ்டம், திரிபலா சூரணம், பிருங்காமலகத் தைலம் என்று இடப்புறம் பெயர், நடுவே புள்ளி வரிசை, வலப்புறம் விலை. மாற்ற வேண்டியது விலை மாத்திரமே. மருந்துச் சாலை முதலாளி பழைய பட்டியலின் பிரதி ஒன்றில் சிவப்புப் பென்சிலால் புது விலைகளைக் குறித்துக் கொடுத்துவிட்டு, "ஏற்கனவே இருந்தது மாதிரியே இருக்கணும், ஒட்டுப் போட்டது மாதிரி தெரியக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையில் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்பதை எங்கள் போர்மன் அறிவார், நான் அறியவில்லை.

கணக்கில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. ஓரணா என்பது ஆறே கால் நயா பைசா. கால் பைசா நாணயம் கிடையாதாகையால், சர்க்கார் வெளியிட்ட மாற்றுப் பட்டியலில் அரையும் அரைக்குக் குறைந்ததும் தள்ளப்பட்டு, அரைக்கு மேற்பட்டது ஒன்றாகக் கொள்ளப்பட்டிருந்தது. ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்குச் சரியாக 25. அந்தப் பட்டியலை அட்டையில் ஒட்டி எங்கள் ஜன்னலோரம் தொங்கவிட்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் அது பார்க்க வேண்டாதபடி மனப்பாடமாகிவிட்டது. கஷ்டம் கணக்கில் அல்ல, இடத்தில் இருந்தது.

பழைய முறையில் ரூபாயும் அணாவும் பைசாவும் இடையிடையே சிறு கோடு இட்டு எழுதப்படும். இரண்டரை ரூபாய் என்றால் 2-8-0. ஒன்றே முக்கால் ரூபாய் என்றால் 1-12-0. ஆறணா என்றால் 0-6-0. அதே விலைகள் புது முறையில் 2-50 என்றும், 1-75 என்றும், 0-37 என்றும் ஆயின. கோடு போய்ப் புள்ளி வந்தது பின்னால். அந்த ஆரம்ப காலத்தில் தமிழ் அச்சகங்களில் பலர் பழைய கோட்டையே வைத்துக்கொண்டார்கள். வாசிப்பவனுக்கு இது ஒரு சிறு மாறுதல். அச்சுக்கோப்பவனுக்கோ, ஈயத்தில் ஒரு பள்ளம்.

அச்சில் எண்கள் எவ்வாறு வார்க்கப்படுகின்றன என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். ஓர் அச்சுக் குடும்பத்தில் எழுத்துகள் தத்தம் சுபாவத்துக்கேற்ற அகலம் உடையவை. எண்களுக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் இல்லை. ஒன்று முதல் சைபர் வரை பத்து எண்களும் பொதுவாக ஒரே அகலத்தில், அதாவது அச்சின் பாயிண்டு அளவில் பாதி அகலத்தில், வார்க்கப்படுகின்றன. பத்திகளில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. எங்கள் பட்டியல் 12 பாயிண்டு அச்சில் கோத்தது. எனவே ஓர் எண்ணின் அகலம் 6 பாயிண்டு. ஒல்லியான 1 என்ற எண்ணுக்கும் அதே 6 பாயிண்டுதான், இரண்டு பக்கமும் வெள்ளை இடத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். எங்களிடம் இருந்த கோடு 4 பாயிண்டு. இப்போது கணக்கிட்டுப் பார்த்தால், 2-8-0 என்பதில் மூன்று எண்ணும் இரண்டு கோடும் சேர்ந்து 26 பாயிண்டு. 2-50 என்பதில் மூன்று எண்ணும் ஒரு கோடும் சேர்ந்து 22 பாயிண்டு. மிச்சம் 4. இது 12 பாயிண்டு அச்சில் மூன்றில் ஒரு பங்கு. எங்களுடைய தடித்த ஸ்பேஸ் ஒன்றின் அகலமும் இதுவே. 1-12-0 என்பது 32 பாயிண்டு. அது 1-75 ஆகும்போது 10 பாயிண்டு மிஞ்சுகிறது. அதை நிரப்ப அரை எம் குவாடு ஒன்றும் தடித்த ஸ்பேஸ் ஒன்றும் வேண்டும்.

நிரப்பாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். ஈய அச்சில் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. காகிதத்தில் வெள்ளையாகத் தெரியும் ஒவ்வோர் இடத்திலும் எழுத்தைவிடக் குள்ளமான ஓர் ஈயத் துண்டு அமர்ந்திருக்கிறது. ஒரு வரி கால் பாயிண்டு தளர்ந்திருந்தாலும், சட்டத்தில் இறுக்கும்போது அந்த வரியின் எழுத்துகள் ஒரு பக்கமாகச் சாயும். ட்ரெடில் ஓட ஓட, ஸ்பேஸ்கள் மெல்ல மேலெழும்பி, ஒரு நூறு பிரதி போனதும் எழுத்துகளுக்கு நடுவே கறுப்புக் குச்சிகளாக அச்சாகத் தொடங்கும். ஆகையால் நிரப்பத்தான் வேண்டும். எங்கே நிரப்புவது என்பதே கேள்வி. விலைக்கு வலப்புறம் நிரப்பினால் பத்தியின் வலது ஓரம் பல் விழுந்தாற்போல் ஆகிவிடும். எண்களுக்கு நடுவே பங்கிட்டால், மாற்றிய விலை மாத்திரம் அகன்று, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். புள்ளி வரிசைக்கும் விலைக்கும் நடுவே நிரப்புவதே முறை. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல், 'ரூ.' என்ற குறியினால் ஏற்பட்டது.

விலைப் பட்டியல்களில் ஒவ்வொரு வரியிலும் 'ரூ.' போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. பக்கத்தின் முதல் வரியில் போடுவோம். கீழே உள்ளவற்றுக்கெல்லாம் அதுவே பொருந்தும். தமிழ் அச்சில் 'ரூ' என்பது ஒரே துண்டாக வார்த்த எழுத்து. பத்தியில் ஆக அகலமான விலை எதுவோ அதற்கு இடம் விட்டு, அதற்கும் இடப்புறத்தில் அந்தக் குறி நிற்க வேண்டும். அப்போதுதான் பன்னிரண்டு ரூபாய்ச் சரக்கு ஒன்று கீழே எங்கேனும் வந்தாலும் அதன் பத்தாம் ஸ்தானம் குறியின் நிழலில் புகாது. பழைய கணக்கில் ஆக அகலமானது 12-12-0 போன்ற விலை, 38 பாயிண்டு. புதுக் கணக்கில் 12-75, 28 பாயிண்டு. விலைகளை மட்டும் மாற்றிவிட்டுக் குறியைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்தால், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'ரூ.' ஒரு மூலையிலும் எண் ஒரு மூலையிலுமாக, இரண்டுக்கும் சம்பந்தமில்லாததுபோல் நிற்கும். எல்லா எண்களும் சரியாக இருந்தும் பார்ப்பவர் மனத்தில் ஏதோ இடறுவதற்கு இந்த இடைவெளி ஒன்றே போதும். எனவே 10 பாயிண்டைக் குறிக்கு இடப்புறம் தள்ளி, குறியை வலப்புறம் நகர்த்தினோம்; அதைச் செய்ததும், முதல் வரியின் புள்ளி வரிசை மற்ற வரிகளின் புள்ளி வரிசையைவிட முன்னதாக முடிந்துபோவதைப் போர்மன் சுட்டிக்காட்டி, அதற்கு இரண்டு புள்ளி கூட்டச் சொன்னார். ஓர் எண்ணை மாற்றப் போனவன் புள்ளி வரிசை வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இடம் சரியான பிறகும் அர்த்தம் பிசகக்கூடும். ஓரணா விலையுள்ள பொட்டலம் ஒன்று இருந்தது. புது விலை 6 நயா பைசா. 0-6 என்று கோத்தால், கோடு பழைய கோடேயாதலால், அது ஆறணா என்று படிக்கப்படும்; வாடிக்கைக்காரர் ஒருவர் ஆறு மடங்கு கொடுத்துவிட்டுப் போகலாம், அல்லது ஆறணாச் சரக்கை ஆறு பைசாவுக்குக் கேட்டுச் சண்டை பிடிக்கலாம். எனவே கோட்டுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு எண்கள் இருந்தாக வேண்டும், 0-06 என்று சைபர் முன்னிற்க வேண்டும் என்பது விதியாயிற்று. பழைய நாணயமும் புது நாணயமும் கூடவே செலாவணியில் இருந்த காலமாதலால், இது வெறும் அலங்கார விஷயமல்ல. பத்தியின் தலையில் இருந்த 'ரூ. அ. பை.' என்பதை எடுத்துவிட்டு 'ரூ. ந.பை.' என்று போட்டதும் இதற்காகவே.

இவ்வளவும் செய்தும் முதல் புரூஃப் எடுத்தபோது மாற்றிய விலைகள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அது எனக்குப் பெரும் ஆச்சரியமாக இருந்தது. எண்கள் அதே அளவு, அதே குடும்பம், இடமும் பொருந்தியிருந்தது. எனினும், பழைய பெயர்கள் சாம்பல் பூத்தாற்போல் இருக்க, புது எண்கள் மட்டும் கறுத்து, விளிம்பு கூர்மையாக, காகிதத்தில் ஆழமாகப் பதிந்திருந்தன. போர்மன் காகிதத்தைத் திருப்பி, என் விரலைப் பிடித்துப் பின்பக்கத்தில் தடவச் சொன்னார். விலை உள்ள இடங்களில் எல்லாம் புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டது.

"பழசு தேஞ்சு போச்சு தம்பி. புதுசு தலை தூக்கி நிக்குது. மிஷினு உசந்தவனைத்தான் முதல்ல அடிக்கும்," என்றார்.

புது அச்சின் உயரம் 0.918 அங்குலம். வருஷக்கணக்கில் அடிபட்ட அச்சு அதில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கை இழந்துவிடுகிறது. உயரம் குறைவதோடு, மெல்லிய கோடுகளின் முனை மழுங்கி, முகமும் சற்றே தடித்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம், இயந்திரம் அழுத்தும்போது தெரிந்துவிடுகிறது. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. ஒன்று, ட்ரெடிலின் காகிதம் தாங்கும் பக்கத்தில், மேல் தாளுக்கடியில் உள்ள திணிப்புத் தாளில், புது எண் வந்து விழும் இடங்களை எல்லாம் கத்தி முனையால் வெட்டி எடுத்துவிடுவது. வெளிறிய இடங்களில் டிஷ்யூ காகிதத் துண்டு ஒட்டி உயர்த்துவது. இதை மேக்ரெடி என்போம். இதனால் கறுப்பு குறையும். ஆனால் கூர்மை குறையாது, ஏனெனில் கூர்மை எண்ணின் முகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது பரிகாரம், பழைய எண்ணுக்குப் பதில் பழைய எண்ணையே வைப்பது. போர்மன் இரண்டாவதையே விரும்பினார். பட்டியலின் கடைசிப் பக்கங்களில் தபால் செலவு விவரமும், எடை அளவுகளும், பக்க எண்களும் இருந்தன. பிடுங்கிய பழைய விலைகளின் எண்கள் வேறு ஒரு தட்டில் குவிந்திருந்தன. எல்லாம் ஒரே வயது உடையவை, ஒரே அடி பட்டவை. அந்தத் தட்டிலிருந்தே புது விலைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும், போதாவிட்டால் எடை விவரத்திலிருந்து பழைய எண்ணை எடுத்துக்கொண்டு, கேஸிலுள்ள புது எண்ணை அங்கே வைக்க வேண்டும் என்றார். எடை விவரத்தை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்!

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் புலப்பட்டது. பழைய விலைகள் பெரும்பாலும் சைபரில் முடிந்தவை; ஆகவே தட்டில் சைபர்கள் மலையாகக் குவிந்தன. புது விலைகளிலோ நாலணா 25 ஆகவும், எட்டணா 50 ஆகவும், பன்னிரண்டணா 75 ஆகவும் மாறியதால், 5 என்ற எண்ணுக்குப் பெரும் பஞ்சம் வந்துவிட்டது. எங்கள் அச்சுக்கூடத்தில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து அச்சுக்கூடங்களிலிருந்தும் ஐந்து இருக்கிறதா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பஞ்ச காலத்தில் கலப்படமும் வரும். வேறு வார்ப்பகத்து ஐந்துகளைக் கேஸில் கலந்துவிட்டார்கள். 12 பாயிண்டுதான், உயரமும் அகலமும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் மேற்கோடு நேராக இருந்தால் மற்றொன்றினது நுனியில் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். ஒன்று வரியின் அடியில் சரியாக அமர்ந்தால் மற்றொன்று மயிரிழை மேலே நிற்கும். இப்படிப்பட்டதைப் புரூஃப் திருத்துகிறவர் கண்டுபிடித்து ஓரத்தில் 'டபிள்யூ.எஃப்.' என்று குறிப்பார், வேறு குடும்பத்து எழுத்து என்று அர்த்தம்.

புரூஃப் வரைக்கும் போகாமலே கண்டுபிடிக்க வழியுண்டு என்பதை அந்த நாளில்தான் அறிந்தேன். ஒவ்வோர் அச்சின் உடம்பிலும் ஒரு பக்கத்தில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், நிக் என்பார்கள். எழுத்தைத் தலைகீழாக வைத்துவிடாமல் விரலால் தடவியே அறிந்துகொள்வதற்காக அது ஏற்பட்டது. வார்ப்பகத்துக்கு வார்ப்பகம் அந்தப் பள்ளத்தின் இடமும் எண்ணிக்கையும் வேறு. ஸ்டிக்கில் ஒரு விலையைக் கோத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தால், ஒரே குடும்பத்து எண்களின் பள்ளங்கள் சேர்ந்து ஒரே கோடாக ஓடும். அந்நியன் ஒருவன் புகுந்திருந்தால் அங்கே கோடு அறுந்துவிடும். போர்மன் என் ஸ்டிக்கை வாங்கி எண்களைப் படித்துப் பார்க்கவே மாட்டார். பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாமணத்தால் ஓர் ஐந்தைப் பிடுங்கி என் கையில் போடுவார். தேய்ந்த அச்சின் விஷயத்தில்கூட இது தப்பாது, ஏனெனில் தேய்வது முகம்தான், உடம்பு அல்ல.

மருந்துச் சாலைக்காரர் வந்து அச்சான பட்டியலைப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. ஆறணாத் திரிபலா சூரணம் 0-37 என்றிருப்பதைப் பார்த்து, "நாப்பதுன்னு போட்டிருக்கலாம்" என்று முனகியதோடு சரி. அவர் தம் விலையைத் தாமே மாற்றிக்கொள்கிறவராதலால் எங்களுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் இதே வித்தையை வேறு விதமாக உபயோகிக்க விரும்பி வருகிறவர்களும் உண்டு. பிறர் கொடுத்த ரசீதின் தொகையையோ, கம்பெனி அச்சிட்ட லேபிளின் விலையையோ 'அது மாதிரியே' மாற்றித் தரும்படி கேட்டு ஒருவர் வந்தபோது, போர்மன் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு இதற்கெல்லாம் சட்டமே இருக்கிறது: பொட்டலச் சரக்குகளுக்கான 2011-ஆம் வருஷத்து எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட அதிகபட்ச விலையைக் கூட்டுவதற்காக லேபிள் ஒட்டக் கூடாது, குறைப்பதற்காக ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். விலையை மாற்றினேன் என்பது அங்கே தெரிய வேண்டும். எங்கள் பட்டியலில் தெரியக் கூடாது. இரண்டுக்கும் உள்ள பேதம் கைவேலையில் இல்லை, விலை யாருடையது என்பதில் இருக்கிறது.

இத்தனை காலத்துக்குப் பின், ஈய அச்சு பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்து, நானும் தொழிலைவிட்டு ஓய்ந்த பிறகு, இதே விஷயம் கம்ப்யூட்டர் ரூபத்தில் என்னைத் தேடி வந்தது. பழைய வைத்திய நூல் ஒன்றை அப்படியே படம் பிடித்து மறுபதிப்பாகக் கொண்டுவர விரும்பிய பதிப்பாளர் ஒருவர், புரூஃப் பார்ப்பதற்காக என்னிடம் பக்கங்களை அனுப்பினார். 1950-களின் இறுதியில் அச்சான நூல். முகப்புக்கு அடுத்த பக்கத்தில் 'விலை ரூ. 2-50' என்றிருந்தது. அதை 110 ரூபாயாக மாற்ற வேண்டும், ஆனால் பக்கத்தின் பழைய தோற்றம் கெடக் கூடாது. அவருடைய காரியாலயத்தில் வேலை செய்த இளைஞர் ஒருவர், பார்வைக்கு ஒத்துவரும் கம்ப்யூட்டர் எழுத்துரு ஒன்றைத் தேடி 110 என்று போட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய சாம்பல் நிறத்துக்கு நடுவே கூர்மையான புது எண்கள்! காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்க வழியில்லையே தவிர, வியாதி அதே வியாதி.

மருந்தும் அதே மருந்துதான். இந்த நூலிலேயே வராகனெடையும் படியளவும் சொல்லும் இடங்களில் எண்கள் ஏராளம் இருக்கின்றன, அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பக்க எண்களை எடுக்க வேண்டாம், அவை சிறிய அச்சு. பெரிதாக்கினால் கோடுகளும் சேர்ந்து தடிக்கும். இளைஞர் நல்ல புத்திசாலி. உடனே ஒரு 1-ஐயும் ஒரு 0-வையும் வெட்டி எடுத்து, 1-ஐ இரண்டு முறை ஒட்டி அனுப்பினார். இப்போது நிறம் பொருந்திவிட்டது. ஆயினும் எண் இடறியது. இரண்டு ஒன்றுகளுக்கும் அடிக்கோட்டின் வலது மூலையில் ஒரே மாதிரியான ஒடிசல் இருந்தது. ஈயத்தில் கோத்தவை என்றால், இரண்டு வெவ்வேறு துண்டுகளில் ஒரே இடத்தில் ஒரே ஒடிசல் வருவது அரிது. வேறு ஒரு பக்கத்திலிருந்து இன்னோர் ஒன்றைத் தேடிக்கொண்டார்.

அதற்கும் பின்னால் எஞ்சியிருந்தது இடைவெளி. அவர் 1-ஐ அதன் கறுப்பு விளிம்போடு ஒட்ட வெட்டி, கம்ப்யூட்டர் எழுத்துக்குப் பழகிய கண்ணால், மூன்று எண்களையும் நெருக்கி வைத்திருந்தார். ஈயத்திலோ ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே வெள்ளை அதிகம் விழும். இரண்டு பக்கமும் வெள்ளையைச் சுமக்கிற எண் அது என்று முன்னரே சொன்னேன். பக்கங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் படம் பிடித்திருந்தார்கள். 12 பாயிண்டு என்பது ஏறக்குறைய அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, ஆகவே 100 புள்ளி. எண்ணின் அகலம் அதில் பாதி, 50 புள்ளி. ஓர் எண்ணின் நடுவிலிருந்து அடுத்த எண்ணின் நடுவுக்கு 50 புள்ளி இருக்கும்படி வைக்கச் சொன்னேன். 'ரூ.' குறிக்கும் முதல் எண்ணுக்கும் நடுவே பழைய பக்கத்தில் என்ன இடம் இருந்ததோ அதை அளந்து அப்படியே விடச் சொன்னேன். படம் பிடித்தபோது பக்கம் இம்மி சாய்ந்திருந்ததால், எண்களையும் அதே சாய்வில் வைக்க வேண்டியிருந்தது. நேர்கோட்டில் வைத்தபோது 0 மட்டும் எழும்பி நின்றது. இத்தனையும் ஆனபின் அந்த வரியை நான் மறுபடி பார்த்தபோது, மாற்றம் எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அதே பக்கத்தில் மறுபதிப்பு என்றும் அது வெளியான வருஷமும் தெளிவாக, புது எழுத்திலேயே, குறிப்பிடப்பட்டது. முதற்பதிப்பென்று யாரும் மயங்குவதற்கு இடமில்லை.

பதிப்பாளருக்கு இன்னும் ஓர் ஆசை இருந்தது. 'ரூ.' என்பதை எடுத்துவிட்டு, 2010-ஆம் வருஷம் ஜூலை மாதம் மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்ட புது ரூபாய்க் குறியை, உதயகுமார் வடிவமைத்த அந்த ₹ குறியை, போட வேண்டும் என்றார். குறி அழகானது என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஈய எண்களுக்குப் பக்கத்தில், அவற்றோடு வார்க்கப்படாத ஒரு வடிவத்தை வைத்தால், எண்களுக்காகப் பட்ட பிரயாசை எல்லாம் வீணாகும். உள்பக்கத்தில் 'ரூ.' இருக்கட்டும், பின்னட்டை முழுவதும் புதிதாகக் கோப்பதுதானே, அங்கே புதுக் குறியைப் போடுங்கள் என்று சொல்லி ஒருவாறு இணங்கவைத்தேன்.

பின்னட்டையின் புரூஃப் வந்தது. குறியின் கோடுகள் எண்களின் கோடுகளைவிட மெலிந்து, ஒரு பிடி உயர்ந்தும் இருந்தன. இளைஞரைக் கேட்டபோது தாம் எல்லாவற்றையும் ஒரே எழுத்துருவில்தான் போட்டதாகச் சாதித்தார். அவர் சொன்னதும் பொய்யல்ல. அந்த எழுத்துரு 2010-க்கு முன் உண்டானது. அதில் ₹ கிடையாது. இல்லாத குறியைக் கம்ப்யூட்டர் தானாகவே வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிப் போட்டுவிட்டது. பி.டி.எஃப். கோப்பின் விவரங்களில் எழுத்துருக்களின் ஜாபிதாவைத் திறந்து பாருங்கள் என்றேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. அந்தக் குறி உள்ளேயே அமைந்த வேறோர் எழுத்துருவுக்கு விலை வரி முழுவதையும் மாற்றி, குறிக்கும் எண்ணுக்கும் நடுவே இடம் விடாமல் ₹110 என்று சேர்த்துப் போட்டு அனுப்பினார். அது சரியாக இருந்தது, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.